நூறு முறை படித்தும் ஒட்டாத ஜீனோம்

நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் ஜீனோம், வட்டமாக மூடிய ஒரே ஒரு டி.என்.ஏ. மூலக்கூறு. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கே-12 எம்ஜி1655 என்ற வகையில் அந்த வட்டத்தின் நீளம் 46,41,652 எழுத்துகள். எழுத்து என்று இங்கே சொல்வது அடெனின், சைட்டோசின், குவானின், தைமின் என்ற நான்கு வேதிப்பொருட்களை. இந்தப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை இல்லுமினா கருவியில் கொடுத்தால், ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக நூறு முறை படித்துத் தரச் செய்யலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஆனால் அந்தத் தரவைக் கணினியில் போட்டுத் தொகுத்தால், முழு வட்டம் கிடைப்பதில்லை. எழுபது, எண்பது, சில சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனித் துண்டுகள்தான் கிடைக்கின்றன.

படிக்காமல் விட்ட பகுதிகளால் ஏற்பட்ட இடைவெளிகள் இவை என்றுதான் முதலில் தோன்றும். அப்படியில்லை. இடைவெளியில் இருக்கும் எழுத்துகளையும் கருவி படித்திருக்கிறது. சொல்லப்போனால் மற்ற இடங்களைவிட அதிகமாகவே படித்திருக்கிறது. தொலைந்துபோனது எழுத்து அல்ல, எதற்குப் பின் எது வருகிறது என்ற வரிசை. அது எப்படித் தொலைகிறது என்று புரிந்துகொள்ள, கருவி என்ன தருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை முதலில் சிறு சிறு துண்டுகளாக உடைக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 எழுத்து நீளம். கோடிக்கணக்கான செல்களின் டி.என்.ஏ. ஒன்றாகக் கலந்திருப்பதால், உடையும் இடங்கள் ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறாக இருக்கும். அதனால்தான் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமைகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டு, அதே இடத்தில் ஆயிரம் பிரதிகள் அளவுக்குப் பெருக்கப்படுகிறது. பிறகு ஒரு சுற்றுக்கு ஓர் எழுத்து வீதம், ஒளிரும் சாயம் பூசிய எழுத்துகள் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கருவி ஒரு படம் எடுக்கிறது. எந்தப் புள்ளி என்ன நிறத்தில் ஒளிர்ந்தது என்பதே அந்தத் துண்டின் அடுத்த எழுத்து.

இப்படி 150 சுற்றுகள் போனதும் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். காரணம், ஒரே புள்ளியில் இருக்கும் ஆயிரம் பிரதிகளும் எப்போதும் ஒரே எழுத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சில பிரதிகள் ஓர் எழுத்து பின்தங்கிவிடும். சில ஓர் எழுத்து முந்திவிடும். தொடக்கத்தில் இது பொருட்டல்ல. சுற்றுகள் கூடக்கூட நிறங்கள் கலந்து, எந்த எழுத்து என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை வருகிறது. துண்டின் இரண்டு முனைகளிலிருந்தும் 150 எழுத்துகள் படிக்கலாம். நடுவில் 200 எழுத்துகள் படிக்கப்படாமல் நிற்கும். இந்த 150 எழுத்துத் துணுக்கைத்தான் ஆய்வகத்தில் ரீட் என்கிறார்கள். ரீட் நீளம் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு இந்த ஒத்திசைவுச் சிக்கல்தான் பதில். நீள ரீட் தரும் கருவிகள் இதை எப்படித் தவிர்க்கின்றன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஈ. கோலையை நூறு மடங்கு படிக்க ஏறத்தாழ 31 லட்சம் ரீட்கள் தேவை. ஜீனோமில் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு எந்த ரீடிலும் இருக்காது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் எதிலிருந்து வந்தது என்பதும் தெரியாது. இவ்வளவு ரீட் இருந்தும் ஏதாவது ஓர் இடம் விடுபட்டுப் போயிருக்கலாமே என்ற சந்தேகத்துக்கு, எரிக் லேண்டரும் மைக்கேல் வாட்டர்மேனும் 1988-இல் வெளியிட்ட கணக்கு பதில் சொல்கிறது. ரீட்கள் ஜீனோம் முழுவதும் தற்செயலாக விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், பத்து மடங்கு படிக்கும்போது ஈ. கோலையில் எந்த ரீடும் தொடாத எழுத்துகள் மொத்தமே 210 அளவுதான் இருக்கும். முப்பது மடங்கு படித்தால் ஓர் எழுத்துகூட விடுபட வாய்ப்பில்லை. உண்மையில் ரீட்கள் முழுக்கத் தற்செயலாக விழுவதில்லைதான். குவானினும் சைட்டோசினும் மிக அதிகமாக அல்லது மிகக் குறைவாக உள்ள பகுதிகளில் ரீட் குறையும். ஈ. கோலையில் இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ பாதி என்பதால் அந்தச் சிக்கல் இங்கே பெரிதில்லை. ஆக, நூறு மடங்கு படித்த பிறகும் எண்பது துண்டுகள் வருகின்றன என்றால் காரணம் வேறு.

ரீட்களை ஒட்டுவதற்கு நேர்வழி, ஒவ்வொரு ரீடையும் மற்ற எல்லா ரீடோடும் ஒப்பிட்டு, ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. ரீட்கள் நீளமாகவும் எண்ணிக்கை குறைவாகவும் இருந்த காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 31 லட்சம் ரீட் என்றால் கிட்டத்தட்ட 5 லட்சம் கோடி ஜோடிகளை ஒப்பிட வேண்டும். அந்தப் பாரத்தைக் குறைக்கும் வழியை 2001-இல் பாவெல் பெவ்ஸ்னர், ஹைசு டாங், மைக்கேல் வாட்டர்மேன் மூவரும் முன்வைத்தார்கள். அவர்கள் ரீட்களை இன்னும் சிறியதாக நறுக்கினார்கள். ஒட்ட வேண்டியதை மேலும் வெட்டுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய குறு ரீட் தொகுப்பு மென்பொருட்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் நடக்கின்றன.

வேலை இப்படி நடக்கிறது. 77 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரீடிலிருந்தும் 77 எழுத்துச் சாளரத்தை ஓர் எழுத்து வீதம் நகர்த்தி எல்லாத் துணுக்குகளையும் எடுக்க வேண்டும். 150 எழுத்து ரீடில் இப்படி 74 துணுக்குகள் கிடைக்கும். இவற்றுக்கு கே-மெர் என்று பெயர். ஒரே கே-மெர் எத்தனை ரீடில் வந்தாலும் அகராதியில் ஒரே பதிவுதான். எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை மட்டும் அருகில் ஏறும். பிறகு ஒரு கே-மெரின் கடைசி 76 எழுத்துகள் இன்னொன்றின் முதல் 76 எழுத்துகளாக இருந்தால் இரண்டையும் ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். ஒப்பீடே தேவையில்லை, அகராதியில் தேடினால் போதும். இப்படி உருவாகும் வலையை, நெதர்லாந்துக் கணிதவியலாளர் நிகோலாஸ் டி பிரெய்ன் பெயரால் டி பிரெய்ன் வரைபடம் என்கிறார்கள்.

படிப்பதில் நேர்ந்த பிழைகளும் இந்த அகராதியிலேயே பிடிபடுகின்றன. ஒரு ரீடின் நடுவில் ஓர் எழுத்து தவறினால், அந்த எழுத்தைத் தொடும் கே-மெர்கள் எல்லாமே தவறாகிவிடும். ஆனால் அதே தவறு அதே இடத்தில் மற்ற ரீட்களில் நடப்பது அரிது. நூறு மடங்கு படித்த தரவில் சரியான 77 எழுத்து கே-மெர் ஒன்று ஏறத்தாழ ஐம்பது முறை வரும். தவறானது ஓரிரு முறை வரும். எண்ணிக்கை மிகக் குறைந்தவற்றை நீக்கினால் வலை பெருமளவு சுத்தமாகிவிடும். அதன் பிறகு வலையில் ஒரே வழியாக, கிளையில்லாமல் போகும் நீண்ட பாதைகள் தெரியும். ஒவ்வொரு பாதையையும் எழுத்தாக எழுதினால் வருவதே கான்டிக் எனப்படும் தொடர் துண்டு.

கிளை பிரியும் இடத்தில் கான்டிக் நின்றுவிடுகிறது. கிளை ஏன் பிரிகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஒரு திரைப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி, இரண்டாம் சரணம், மீண்டும் பல்லவி. அந்தப் பாட்டைப் பல முறை ஒலிப்பதிவு செய்து, பல்லவியைவிடக் குறுகிய துணுக்குகளாக வெட்டி உங்களிடம் கொடுத்தால், சரணங்களை முழுதாக ஒட்டிவிடுவீர்கள். பல்லவியையும் ஒட்டிவிடுவீர்கள். எந்தச் சரணம் முதலில் வருகிறது என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டு சரணமும் பல்லவியில் தொடங்கிப் பல்லவியில்தான் முடிகின்றன.

இது வெறும் ஒப்புமையாக நிற்க வேண்டாம், எழுத்திலேயே பார்த்துவிடலாம். கீழே 33 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிசைகள். இரண்டிலும் `GACTTAG` என்ற ஏழு எழுத்துத் தொடர் மூன்று முறை வருகிறது. இடையில் உள்ள `CGT`, `AAG` இரண்டும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன.

```
1: TCC GACTTAG CGT GACTTAG AAG GACTTAG TTC
2: TCC GACTTAG AAG GACTTAG CGT GACTTAG TTC
```

பார்க்க வசதியாக இடைவெளி விட்டிருக்கிறேன். உண்மையில் எல்லாம் ஒரே தொடர். முதல் வரிசையிலிருந்து எட்டு எழுத்துத் துணுக்குகள் எல்லாவற்றையும் எடுங்கள், 26 வரும். இரண்டாவதிலிருந்தும் 26 வரும். இரண்டு பட்டியலையும் அகர வரிசையில் அடுக்கினால் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இருக்காது. பென்சிலும் தாளும் எடுத்துச் செய்துபார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒன்பது எழுத்துத் துணுக்குகளை எடுத்தால் நிலைமை மாறும். முதல் வரிசையில் `CGACTTAGC` இருக்கும், இரண்டாவதில் இருக்காது. ஏழு எழுத்துத் தொடரை முழுதாகக் கடந்து, இரண்டு பக்கமும் ஓர் எழுத்தாவது தொட்டால்தான் எதற்குப் பின் எது என்று தெரியும். எட்டு எழுத்தில் அந்தச் செய்தி கிடையாது. எட்டு எழுத்துத் துணுக்குகளை ஆயிரம் முறை படித்தாலும், கோடி முறை படித்தாலும் கிடையாது. மென்பொருளின் திறமைக் குறைவால் வருவதல்ல இது. விடை தரவிலேயே இல்லை.

ஈ. கோலையின் ஜீனோமில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் பல. இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. வரிசைகள் ஒரு வகை. அவற்றில் ஐஎஸ்1 என்பது 768 எழுத்து நீளம். ஐஎஸ்5 ஏறத்தாழ 1,200 எழுத்து, எம்ஜி1655-இல் அதற்குப் பத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் உண்டு. இவை ஓரிடத்திலிருந்து தம்மையே நகலெடுத்து இன்னோர் இடத்தில் செருகிக்கொள்பவை என்பதால், பிரதிகள் ஒன்றுபோல் இருப்பது இயல்பு.

இவற்றைவிடப் பெரிய தடை ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களின் தொகுதி. புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் பாகங்களை உருவாக்கும் இந்தத் தொகுதி ஏறத்தாழ 5,500 எழுத்து நீளம். ஈ. கோலையில் ஏழு இடங்களில் இது இருக்கிறது. நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும் உயிரி இது. அந்த வேகத்துக்கு வேண்டிய ரைபோசோம்களை ஒரே ஒரு பிரதியால் தயாரித்துக் கொடுக்க முடியாது. காலப்போக்கில் ஏழு பிரதிகளும் தனித்தனியாக மாறிவிடாதா என்று கேட்கலாம். மாறுதல் வருகிறது, ஆனால் பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒன்றின் எழுத்தை இன்னொன்று மேலெழுதிவிடுவதால் ஏழும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்துவருகின்றன. உயிரிக்கு அது வசதி. ஜீனோமைத் தொகுப்பவருக்கு அதுவே தலைவலி.

டி பிரெய்ன் வரைபடத்தில் இந்த ஏழு பிரதிகளும் ஒரே பாதையாகச் சுருங்கிவிடுகின்றன. அகராதியில் ஒரே கே-மெருக்கு ஒரே பதிவு என்று பார்த்தோமே, அதன் விளைவு இது. அந்தப் பாதைக்குள் ஏழு வழிகள் நுழைகின்றன, ஏழு வழிகள் வெளியேறுகின்றன. எந்த வாசலில் நுழைந்தது எந்த வாசலில் வெளியேறியது என்று இணைக்க 5,040 விதங்கள் உண்டு. எல்லா இணைப்பும் ஒரே வட்டத்தைத் தராது; ஆனாலும் பொருந்தும் இணைப்புகள் ஏராளம். அதில் சரியானது ஒன்று. நேர்மையான மென்பொருள் இங்கே நின்றுவிடும்: நுழையும் ஏழு கான்டிக்குகளை அங்கேயே முடித்து, வெளியேறும் ஏழைப் புதிதாகத் தொடங்கி, நடுவில் உள்ள 5,500 எழுத்தைத் தனித் துண்டாக, ஒரே ஒரு முறை எழுதித் தரும்.

அந்தத் தனித் துண்டை அடையாளம் காண எளிய வழி இருக்கிறது. மற்ற கான்டிக்குகளின் மேல் நூறு மடங்கு ரீட் படிந்திருக்கும்போது, இதன் மேல் எழுநூறு மடங்கு அளவுக்குப் படிந்திருக்கும். ஏழு இடத்து ரீட்களும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன அல்லவா? சரியாக ஏழு மடங்கு என்று எப்போதும் வராது. வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவில் டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும் இடத்துக்கு அருகில் உள்ள பகுதிகளுக்குப் பிரதி கூடுதலாக இருக்கும். ரைபோசோம் தொகுதிகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் எண் சற்று மேலே போகலாம். எப்படியானாலும், தொகுப்பில் ஒரு கான்டிக்கின் ஆழம் மற்றவற்றைவிடப் பல மடங்கு என்றால் அது சுருங்கிப்போன மீள்வரிசையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இதே காரணத்தால் தொகுப்பின் மொத்த நீளமும் உண்மையைவிடக் குறைந்து வரும். ரைபோசோம் தொகுதி மட்டுமே ஆறு பிரதிகளுக்கு உரிய 33,000 எழுத்தைக் கணக்கிலிருந்து விழுங்கிவிடுகிறது.

துண்டின் இரு முனைகளையும் படிக்கிறோம் என்று முன்பு சொன்னது இங்கே ஓரளவு கைகொடுக்கும். இரண்டு முனைகளும் ஒரே துண்டைச் சேர்ந்தவை, இடையே ஏறத்தாழ இவ்வளவு தூரம் என்பது தெரியும். 300 எழுத்து மீள்வரிசை ஒன்றின் இரு பக்கமும் ஒரே துண்டின் இரு முனைகள் விழுந்தால், எந்த நுழைவு எந்த வெளியேற்றத்தோடு சேரும் என்று தீர்ந்துவிடும். ஸ்பேட்ஸ் போன்ற மென்பொருட்கள் இதைச் செய்கின்றன. ஆனால் 500 எழுத்துத் துண்டு 768 எழுத்து ஐஎஸ்1-ஐத் தாண்டாது. 5,500 எழுத்துத் தொகுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு கான்டிக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று வேறு சான்றால் தெரிந்து, நடுவில் இருப்பது மட்டும் தெரியாவிட்டால், இரண்டையும் சேர்த்து எழுதி இடையில் `N` என்ற எழுத்தை நிரப்புவார்கள். எந்த எழுத்தாகவும் இருக்கலாம் என்பது அதன் பொருள். இடைவெளியின் நீளமே தெரியாதபோது வழக்கத்துக்காக நூறு `N` போடுவது உண்டு. தரவுத்தளத்தில் நூறு `N` வரிசையாக இருந்தால், அங்கே சரியாக நூறு எழுத்து விடுபட்டிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

இடைவெளி விடுவதைவிட மோசமான ஒன்று, தவறாக ஒட்டிவிடுவது. கிளை பிரியும் இடத்தில் ஏதோ ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துப் போகும்படி மென்பொருளை அமைத்தால், கான்டிக்குகள் நீளமாகும், எண்ணிக்கை குறையும், அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும். ஜீனோமில் எங்கோ உள்ள இரண்டு பகுதிகள் அண்டை வீடுகளாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, ரீட்களை மீண்டும் தொகுப்பின் மேலேயே படியவிட்டுப் பார்க்க வேண்டும். 500 எழுத்துக்குள் இருக்க வேண்டிய இரு முனைகள் லட்சம் எழுத்து தள்ளி விழுந்தாலோ, ஒரே புள்ளியில் எல்லா ஜோடிகளும் முறிந்து நின்றாலோ, அங்கே ஒட்டு தவறு. ஒரே பிரதி மட்டும் உள்ள பாக்டீரியா ஜீனோமில் ஓர் இடத்தில் பாதி ரீட்கள் ஓர் எழுத்தையும் மறுபாதி வேறோர் எழுத்தையும் காட்டினாலும் சந்தேகப்பட வேண்டும். சற்றே வேறுபட்ட இரண்டு பிரதிகள் ஒன்றாக அமுங்கியிருக்கலாம். கான்டிக்கின் நீளத்தை மட்டும் வைத்துத் தொகுப்பின் தரத்தை அளக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நீளம், தவறுக்குக் கிடைக்கும் பரிசாகவும் இருக்கலாம்.

ஈ. கோலை கே-12 ஏற்கெனவே முழுதாகத் தெரிந்த ஜீனோம்தானே, வரிசை தெரியாமல் போனால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். மருத்துவமனைக்குப் போனால் நஷ்டம் தெரியும். க்ளெப்சியெல்லா நிமோனியே போன்ற பாக்டீரியாக்களில் ஆன்டிபயாட்டிக் மருந்தை முறியடிக்கும் மரபணுக்கள் பல சமயம் ஐஎஸ்26 என்ற 820 எழுத்துத் தாவும் வரிசையின் இரு பிரதிகளுக்கு நடுவே அமர்ந்திருக்கின்றன. குறு ரீட் தொகுப்பில் அந்த மரபணு தனியொரு சிறு கான்டிக்காக வரும். இரு முனையும் ஐஎஸ்26-இல் முட்டி நிற்கும். மரபணு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அது பாக்டீரியாவின் முதன்மை ஜீனோமில் இருக்கிறதா, பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு வட்டத்தில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. வார்டில் பரவுவது ஒரே பாக்டீரியாவா, பல பாக்டீரியாக்களுக்குள் தாவும் ஒரே பிளாஸ்மிடா என்ற கேள்விக்கு விடை, அந்த முட்டி நிற்கும் முனைக்கு அப்பால் இருக்கிறது.

இடைவெளியை அடைக்கப் பழைய வழி பி.சி.ஆர். கான்டிக் முனைகளில் தனித்துவமான இடங்களைப் பார்த்து, அங்கிருந்து மீள்வரிசையை நோக்கிப் பெருக்க வேண்டும். ரைபோசோம் தொகுதிக்கு ஏழு நுழைவு, ஏழு வெளியேற்றம். எல்லா இணைகளையும் சோதிக்க 49 பி.சி.ஆர். ஜெல்லில் ஆறாயிரம் எழுத்து அளவில் பட்டை விழும் ஏழு இணைகளே உண்மையான அண்டைகள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பிளாட்னர் குழு இந்தப் பாக்டீரியாவின் முழு ஜீனோமை 1997-இல் வெளியிட்டபோது இப்போதுள்ள கருவிகள் எதுவும் இல்லை. ஜீனோமைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்துப் படித்து, பல ஆண்டு உழைப்பில் முடித்தார்கள்.

இன்றைய வழி, மீள்வரிசையைவிட நீளமான ரீட். நானோபோர் கருவியில் ஒற்றை டி.என்.ஏ. இழை ஒரு நுண்துளை வழியாக நகர்கிறது; அப்போது துளையில் ஓடும் மின்னோட்டம் மாறுவதை அளந்து எழுத்தை ஊகிக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே மூலக்கூறு என்பதால் ஆயிரம் பிரதிகள் ஒத்திசைய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே 150 எழுத்தில் நிறுத்த வேண்டியதும் இல்லை. பெரும்பாலான பாக்டீரியாக்களில் மிக நீளமான மீள்வரிசை ரைபோசோம் தொகுதிதான் என்பதையும், ஏழாயிரம் எழுத்தைத் தாண்டும் ரீட்கள் போதிய அளவு இருந்தால் அவற்றின் ஜீனோம் முழு வட்டமாகவே வந்துவிடும் என்பதையும் 2013-இல் செர்கே கோரன் குழுவினர் காட்டினார்கள். 2015-இல் நிக்கோலஸ் லோமன், ஜோஷுவா குயிக், ஜாரெட் சிம்ப்சன் மூவரும் இதே எம்ஜி1655-ஐ நானோபோர் ரீட்களை மட்டும் வைத்து ஒரே கான்டிக்காகத் தொகுத்தார்கள்.

அந்தத் தொகுப்பு எழுத்தளவில் 99.5 சதவீதம் சரியாக இருந்தது. பெரிய எண்ணாகத் தெரியும்; 46 லட்சம் எழுத்தில் அரை சதவீதம் என்றால் 23,000 பிழைகள். குறு ரீட் எழுத்தைச் சரியாகச் சொல்லி வரிசையைத் தொலைத்தது. நீள ரீட் அன்று வரிசையைச் சரியாகச் சொல்லி எழுத்தில் தடுமாறியது. அதனால் நீள ரீடால் தொகுத்து, குறு ரீடால் எழுத்தைத் திருத்தும் முறை பரவியது. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: மீள்வரிசைக்குள் வந்ததும், இந்தக் குறு ரீட் ஏழு பிரதிகளில் எதைத் திருத்த வந்தது என்ற பழைய கேள்வி திரும்ப எழுகிறது. நீள ரீட்களின் துல்லியம் அதன் பின் வெகுவாக உயர்ந்துவிட்டதால், பாக்டீரியாவைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

மனித ஜீனோமில் கதை இதேதான், அளவுதான் பயங்கரம். குறு ரீட்களால் மட்டும் தொகுத்த இரண்டு மனித ஜீனோம்களை கேன் அல்கான், சபா சஜாடியன், இவான் ஐக்லர் மூவரும் 2011-இல் சோதித்தார்கள். அவை மேற்கோள் ஜீனோமைவிட 16.2 சதவீதம் குட்டையாக இருந்தன. ஜீனோமில் இரட்டித்திருப்பதாக உறுதிசெய்யப்பட்ட பகுதிகளில் 99.1 சதவீதம் காணவில்லை. குரோமோசோமின் நடுப்பகுதியான சென்ட்ரோமியரில் 171 எழுத்து அலகு ஒன்று லட்சக்கணக்கான எழுத்து தூரத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. மனித ஜீனோம் முடிந்துவிட்டதாக 2003-இல் அறிவித்தபோதும் அந்த இடங்கள் வெற்றாகவே இருந்தன. 2022-இல்தான் ஒரு சர்வதேசக் குழு முதல் முழு வரிசையை வெளியிட்டது: 305.5 கோடி எழுத்து. அதில் ஏறத்தாழ 20 கோடி அதுவரை மேற்கோள் ஜீனோமில் இல்லாதவை. லட்சம் எழுத்தைத் தாண்டும் நானோபோர் ரீட்களையும், நீளம் குறைந்தாலும் துல்லியம் மிகுந்த பேக்பயோ ரீட்களையும் அவர்கள் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். கிட்டத்தட்ட ஒன்றுபோல் உள்ள பிரதிகளுக்குள் இருக்கும் ஓரிரு எழுத்து வித்தியாசத்தைக்கூட நம்ப முடிந்ததால்தான் பிரதிகளைப் பிரிக்க முடிந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகள் குழப்பாமல் இருக்க, முத்துப்பிள்ளை கர்ப்பத்திலிருந்து வளர்த்த செல்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் இரண்டு பிரதிகளுமே தந்தையின் ஒரே பிரதியிலிருந்து வந்தவை.

பொதுத் தரவுத்தளங்களில் உள்ள பாக்டீரியா ஜீனோம்களில் பெரும்பான்மை இன்றும் குறு ரீட்களால் தொகுத்த, முடிவடையாத வரைவுகளே. ஒரு மரபணு அவற்றில் இல்லை, அல்லது ஒரே பிரதிதான் இருக்கிறது என்று முடிவுகட்டும் முன், அந்தத் தொகுப்பு எந்த நீள ரீடால் ஆனது, கான்டிக் முனைகளில் என்ன இருக்கிறது, ஆழம் எங்கே திடீரென்று உயர்கிறது என்று பாருங்கள். நீங்களே ஒரு ஜீனோமைத் தொகுத்துச் சமர்ப்பிப்பவராக இருந்தால், இடைவெளியை இடைவெளியாகவே விட்டு, மூல ரீட்களையும் உடன் சேர்த்துக் கொடுங்கள். ஒட்டத் தெரியாத இடத்தில் நிறுத்திய தொகுப்பைப் பின்னால் வருபவர் நீள ரீட் கொண்டு முடித்துவிடலாம். தவறாக ஒட்டியதை அவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.